பேரவைக் கூட்ட அறிவிப்பு: பால் சங்கத்தின் புதிய செயலாளருக்கு ஒரு வழிகாட்டி

ஆகஸ்ட் பிறந்ததும் புதிய செயலாளருக்கு ஒரு வேலை வந்து சேரும். "மகாசபை நோட்டீஸ் தயார் செய்துவிடுங்கள்" என்று சொல்லிவிட்டு எல்லோரும் போய்விடுவார்கள். பெரும்பாலானோர் சென்ற ஆண்டுத் தாளை எடுத்துத் தேதியை மட்டும் மாற்றுவார்கள். கொஞ்சம் விவரமானவர்கள் செல்பேசியில் தேடி ஒரு மாதிரியை இறக்கிக்கொள்வார்கள். இரண்டாவதுதான் ஆபத்து அதிகம். அப்படிக் கிடைக்கும் மாதிரிகளில் பாதி கம்பெனிகளுக்கு எழுதப்பட்டவை. அவற்றின் அடியில் "நேரில் வர இயலாத உறுப்பினர் தமக்குப் பதிலாக ஒருவரை நியமிக்கலாம்" என்று ஒரு வரியும், கூடவே பதிலாள் படிவமும் இருக்கும். தமிழ்நாட்டின் கூட்டுறவு சங்கத்தில் அந்த வரிக்கு இடமே இல்லை. உறுப்பினர் நேரில் வந்து வாக்களிக்க வேண்டும், ஒருவருக்கு ஒரு வாக்கு, பதிலாள் கிடையாது.

இந்தக் கட்டுரை கிராமத்துப் பால் உற்பத்தியாளர்கள் கூட்டுறவு சங்கத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் ஒருவர் முதன்முதலில் சந்திக்கும் கூட்டுறவு சங்கம் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். கடன் சங்கத்துக்கும் முறை ஏறக்குறைய இதுவே. ஆனால் எண்கள் மாறும், அவற்றை உங்கள் துணை விதியில்தான் பார்க்க வேண்டும்.

முதலில் கையில் இருக்க வேண்டிய புத்தகம்

சங்கம் என்ற பெயரில் இயங்குபவை எல்லாம் ஒரே சட்டத்தின் கீழ் வருவதில்லை. குடியிருப்போர் நலச் சங்கம் 1975-ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவாகியிருக்கும். உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் கம்பெனிச் சட்டத்தின் கீழ் வரும். உங்கள் பால் சங்கம் 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவு சங்கங்கள் சட்டத்துக்கும் 1988-ஆம் ஆண்டின் விதிகளுக்கும் கட்டுப்பட்டது. ஒரே விவசாயி காலையில் சங்கத்தில் பால் ஊற்றிவிட்டு மாலையில் உற்பத்தியாளர் நிறுவனக் கூட்டத்துக்குப் போகிறார். அங்கே பார்த்த நடைமுறையை இங்கேயும் எதிர்பார்க்கிறார். குழப்பம் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது.

சட்டத்துக்கும் விதிகளுக்கும் அடுத்தது உங்கள் சங்கத்தின் பதிவு செய்யப்பட்ட துணை விதிகள். எத்தனை நாள் முன்னதாக அறிவிப்புத் தர வேண்டும், எத்தனை பேர் வந்தால் கூட்டம் செல்லும், வராவிட்டால் என்ன செய்வது ஆகிய மூன்றுக்கும் அதில்தான் விடை இருக்கிறது. பீரோவில் இருக்கும் நகலைப் பார்த்ததும் நம்பிவிடாதீர்கள். கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தது 2004 பிப்ரவரியில். உங்கள் சங்கம் கிருஷ்ணகிரியில் இருந்து, நகலில் தருமபுரி மாவட்டம் என்று அச்சாகியிருந்தால் அந்தத் தாளுக்கு என்ன வயது என்பது தெரிந்துவிடும். அதன் பிறகு திருத்தங்கள் பதிவாகியிருக்கலாம். பால்வளத் துணைப் பதிவாளர் அலுவலகத்தில் கேட்டு, கடைசித் திருத்தம் வரை சேர்ந்த நகலை வாங்கி வைத்துக்கொண்டு பிறகு பேனாவை எடுங்கள்.

நாளைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

விளக்கத்துக்காகக் கற்பனையாக ஒரு சங்கத்தை எடுத்துக்கொள்வோம். போச்சம்பள்ளிக்கு அருகே ஒரு கிராமம். 2025-26 கணக்கு தணிக்கை முடிந்து அறிக்கை வந்துவிட்டது. செப்டம்பர் முடிவதற்குள் ஆண்டுப் பேரவையை நடத்திவிட வேண்டும். இந்தச் சங்கத்தின் துணை விதி பதினைந்து முழு நாட்கள் அறிவிப்புக் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

எந்தக் கிழமை? ஞாயிறு என்றுதான் முதலில் தோன்றும். பெங்களூரில் வேலை பார்ப்பவர்களும் ஊருக்கு வருவார்கள். ஆனால் போச்சம்பள்ளிச் சந்தை கூடுவது ஞாயிற்றுக்கிழமை. மாடு பிடிக்கவும் விற்கவும் காய்கறி இறக்கவும் ஊரே அங்கே போய்விடும். சரி, சனிக்கிழமை என்றால் 2026 செப்டம்பர் 19 புரட்டாசி முதல் சனி. பெருமாள் கோயிலுக்குப் போகிறவர்களைச் சங்கக் கட்டடத்துக்கு இழுக்க முடியாது. ஆகவே 23-ஆம் தேதி புதன்கிழமை. நேரமும் அப்படித்தான். காலைப் பால் எடுத்து, வண்டி ஏற்றி, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வர அவகாசம் வேண்டும். மாலைக் கறவைக்கு முன்னால் திரும்பிவிடவும் வேண்டும். காலை 10.30 மணி பொருத்தம்.

இனி எண்ணிக்கை. முழு நாட்கள் என்றால் அறிவிப்பு கையில் சேர்ந்த நாளையும் கூட்டம் நடக்கும் நாளையும் விட்டுவிட்டு எண்ண வேண்டும். 22-இலிருந்து பின்னோக்கிப் பதினைந்து நாட்கள் எண்ணினால் 8-ஆம் தேதியில் வந்து நிற்கும். ஆகவே கடைசி உறுப்பினருக்கும் 7-ஆம் தேதி திங்கட்கிழமைக்குள் அறிவிப்பு போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அறிவிப்பில் 7-ஆம் தேதியைப் போட்டுவிட்டு 10-ஆம் தேதி வரை வினியோகித்துக்கொண்டிருந்தால், 10-ஆம் தேதி வாங்கியவருக்குப் பன்னிரண்டு முழு நாட்கள்தான் கிடைத்திருக்கும். கூட்டத்தின் முடிவு பிடிக்காதவர் முதலில் பிடித்துக்கொள்வது இதைத்தான். ஒரு வாரம் கூடுதலாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் கடைசி வாரத்தில் வினியோகத்தைத் தொடங்கினால் நிம்மதி.

அதற்கும் முன்னால் நிர்வாகக் குழு கூடி, பேரவையை எந்த நாளில், எங்கே, எந்தப் பொருள்களுக்காகக் கூட்டுவது என்று தீர்மானம் போட்டிருக்க வேண்டும். அந்தத் தீர்மான எண்ணும் நாளும் அறிவிப்பில் வர வேண்டும். குழு இல்லாமல் செயலாட்சியர் பொறுப்பில் சங்கம் இருந்தால், அந்த இடத்தில் செயலாட்சியரின் தீர்மானம் வரும். செயலாளர் தாமாகவே பேரவையைக் கூட்டிவிட முடியாது. கூட்டச் சொல்லும் முடிவை எழுத்தில் கொண்டுசேர்ப்பதே அவர் வேலை.

குறைவெண்: எத்தனை பேருக்கு எத்தனை பேர்

பேச்சில் கோரம் என்று சொல்லும் குறைவெண்ணை அறிவிப்பில் எழுதியே ஆக வேண்டுமா என்று கேட்பார்கள். எழுதுங்கள். உறுப்பினர்கள் வெளியே நின்று எண்ணிக்கொள்ள அது உதவும். உள்ளே இருப்பவர்கள் பொய் எண்ணிக்கை சொல்ல முடியாது.

நம் கற்பனைச் சங்கத்தின் துணை விதி, "வாக்குரிமை உள்ள உறுப்பினர்களில் ஐந்தில் ஒரு பங்கு அல்லது 75 பேர், இவற்றில் எது குறைவோ அது" என்று சொல்கிறது என்று கொள்வோம். உறுப்பினர் பதிவேட்டைத் திறந்தால் 348 பெயர்கள். ஐந்தில் ஒரு பங்கு 69.6, அதாவது 70 பேர். ஆனால் அந்த 348-இல் பதினைந்து பேர் இணை உறுப்பினர்கள். அவர்களுக்கு வாக்குரிமை இல்லை. 21 பேர் இறந்துவிட்டார்கள், பெயர் மட்டும் பதிவேட்டில் நிற்கிறது. இவர்களைக் கழித்தால் 312. அதில் ஐந்தில் ஒரு பங்கு 62.4. அரை ஆள் வர முடியாது என்பதால் 63.

70-க்கும் 63-க்கும் இடையே இருக்கும் ஏழு பேர், ஒரு மழை நாளில் கூட்டம் நடக்குமா தள்ளிப்போகுமா என்பதை முடிவு செய்துவிடுவார்கள். ஆனால் நீங்களாகவே பென்சிலால் 21 பெயர்களை அடித்துவிட்டு 63 என்று போட்டுக்கொள்ள முடியாது. இறப்புச் சான்றைப் பெற்று, நிர்வாகக் குழுவில் வைத்து, நீக்கத் தீர்மானம் நிறைவேற்றி, பதிவேட்டில் குறிப்பு எழுதியிருக்க வேண்டும். அறிவிப்புக்கு முந்தைய குழுக் கூட்டத்தில் இதை முடித்துவிடுவது நல்லது. சில சங்கங்களின் துணை விதியில், ஆண்டில் இத்தனை நாட்கள் பால் ஊற்றியவருக்கே வாக்கு என்ற நிபந்தனையும் உண்டு. உங்கள் சங்கத்தில் அது இருந்தால் பால் கொள்முதல் பதிவேட்டைப் பார்த்து வாக்குரிமைப் பட்டியலைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். குறைவெண்ணை மொத்த உறுப்பினரிலிருந்து கணக்கிடுவதா, வாக்குரிமை உள்ளவர்களிலிருந்தா என்பது துணை விதியின் சொற்களைப் பொறுத்தது. அந்த வாக்கியத்தை இரண்டு முறை படியுங்கள்.

குறைவெண் சேரவில்லை என்றால்? பல மாதிரிகளில் "போதிய உறுப்பினர் வராவிட்டால் அரை மணி நேரம் கழித்து அதே இடத்தில் குறைவெண் இன்றிக் கூட்டம் நடைபெறும்" என்று ஒரு வரி இருக்கும். உங்கள் துணை விதி அப்படி அனுமதித்தால் மட்டும் எழுதுங்கள். அரை மணி காத்திருந்து, சேராவிட்டால் வேறொரு நாளுக்கு ஒத்திவைக்க வேண்டும் என்று துணை விதி சொன்னால் அதுதான் வழி. ஒத்திவைத்த கூட்டத்தில் முதல் அறிவிப்பில் இருந்த பொருள்களைத் தவிரப் புதிதாக எதையும் சேர்க்கக் கூடாது.

பதிலாள் எந்த வாசலில் நுழைகிறார்

சட்டத்தில் பதிலாளுக்கு இடமில்லை. இருந்தும் ஒவ்வொரு பேரவையிலும் பதிலாள் வந்துவிடுகிறார். யாரும் படிவம் கொண்டுவருவதில்லை. வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதன் மூலம் வந்துவிடுகிறார்.

நம் பகுதியில் இது நடக்கும் விதம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கறவை மாட்டுக் கடனுக்காக மனைவி பெயரில் உறுப்பினர் அட்டை எடுத்திருப்பார்கள். காலையிலும் மாலையிலும் பால் கேன் தூக்கி வருவதும் அந்த அம்மாள்தான். பேரவை என்றதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கணவர் வந்து முன்வரிசையில் உட்காருவார். அல்லது அப்பா உறுப்பினர், வயதாகிவிட்டது, மகன் வருவான். அல்லது உறுப்பினர் ஓசூரிலோ பெங்களூரிலோ கம்பெனி வேலையில் இருப்பார், தம்பி வருவான். "வீட்டில் ஒருவர் வந்தால் போதாதா?" என்று நியாயமாகவே கேட்பார்கள். போதாது. வாக்கு வீட்டுக்கு அன்று, உறுப்பினருக்கு. எழுதித் தந்த கடிதமும் பவர் பத்திரமும் அந்த வாக்கை இடம் மாற்றாது. உறுப்பினர் இறந்துவிட்டால் வாரிசும் அப்படியே: விண்ணப்பித்து, பங்கு மாற்றம் ஆகி, உறுப்பினராகச் சேர்க்கப்பட்ட பிறகுதான் அவருக்கு வாக்கு. அதுவரை அவரைப் பார்வையாளராகத்தான் உட்கார வைக்க முடியும்.

இதைக் கடுமையாகச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. பதிலாள் கையெழுத்து குறைவெண்ணை அரித்துவிடும். கூட்டத்தன்று 10.55 மணிக்கு வருகைப் பதிவேட்டில் 66 கையெழுத்துகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். வேண்டியது 63, எல்லோரும் மகிழ்ச்சி. ஆனால் அந்த 66-இல் இரண்டு பேர் கணவர்கள், ஒருவர் மகன், ஒருவர் தம்பி. நான்கைக் கழித்தால் 62. ஓர் ஆள் குறைவு. அந்த நிலையில் கூட்டத்தை நடத்தி இலாபத்தைப் பிரித்து, நிலம் வாங்கத் தீர்மானமும் போட்டுவிட்டால், பிறகு ஒருவர் பதிவேட்டை உறுப்பினர் அட்டைகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் நாளில் எல்லாத் தீர்மானங்களும் ஒன்றாக ஆட்டம் காணும். சட்டத்தின் 90-ஆம் பிரிவின் கீழ் தகராறு மனுவாக அது துணைப் பதிவாளர் முன்னால் போகலாம். 10.55-க்கே கண்டுபிடித்திருந்தால் பக்கத்துத் தெருவில் மாட்டுக்குத் தீவனம் வைத்துக்கொண்டிருக்கும் அந்த அம்மாளையே ஒருவர் போய் அழைத்து வந்திருக்கலாம். அப்போது 63 ஆகியிருக்கும்.

ஆகவே அறிவிப்பில் பதிலாள் குறித்துச் சும்மா இருக்காதீர்கள். "பதிலாள் அனுமதி இல்லை" என்ற வெற்று வரியும் போதாது. கணவர், மகன், சகோதரர் என்று பெயர் சொல்லி எழுதினால்தான் படிப்பவர் தம்மைப் பற்றியது என்று உணர்வார்.

ஒரே ஒரு இடத்தில் ஒருவர் இன்னொருவருக்காக வாக்களிக்கிறார். அது பதிலாள் முறை அன்று. உங்கள் சங்கம் மாவட்டப் பால் உற்பத்தியாளர் ஒன்றியத்தின் உறுப்பினர். ஒன்றியத்தின் பேரவைக்குச் சங்கம் என்ற அமைப்பு நடந்து போக முடியாது. அதனால் சங்கத்தின் சார்பில் ஒரு பிரதிநிதி போகிறார். அவருக்கு நிர்வாகக் குழுத் தீர்மானமும், அந்த எண்ணைக் குறிப்பிட்ட அதிகாரக் கடிதமும் வேண்டும். அந்தக் கடிதத்தின் மாதிரியைப் பார்த்துவிட்டு, தனிநபர் உறுப்பினருக்கும் அதுபோல எழுதலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. எழுதக் கூடாது.

பொருள் நிரலை எழுதும் விதம்

பொருள் நிரல் என்பது பேரவை எதைத் தீர்மானிக்கலாம் என்பதற்கான எல்லை. ஒரு பொருளைப் படித்த உறுப்பினர், அதற்காக அன்றைய கூலியை விட்டுவிட்டு வருவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் அளவுக்கு அது தெளிவாக இருக்க வேண்டும். "இயந்திரம் வாங்குவது குறித்து" என்று எழுதினால் யாருக்கும் எதுவும் விளங்காது. "பால் கொள்முதல் நிலையத்துக்கு மில்க் அனலைசர் ஒன்றைச் சங்கப் பொது நிதியிலிருந்து ரூ.95,000-க்கு மிகாமல் வாங்க அனுமதி அளித்தல்" என்று எழுதினால் பணம் எங்கிருந்து, எவ்வளவு, எதற்கு என்று மூன்றும் தெரியும். கொழுப்புச் சத்து குறைவாகக் காட்டுகிறது என்று ஆண்டு முழுவதும் புலம்பிக்கொண்டிருப்பவர் இந்த ஒரு வரிக்காகவே வருவார்.

ஆண்டுப் பேரவையில் வழக்கமாக வரும் பொருள்கள் உங்களுக்குச் சென்ற ஆண்டுத் தாளிலேயே கிடைக்கும்: முந்தைய நடவடிக்கைகள், ஆண்டறிக்கை, தணிக்கை அறிக்கையும் குறை நிவர்த்தியும், இலாபப் பிரிவினை, அடுத்த ஆண்டு வரவு செலவுத் திட்டம். இவற்றில் தணிக்கைக் குறைகளை மட்டும் மறைக்கப் பார்ப்பார்கள். "தணிக்கை அறிக்கையை ஏற்றல்" என்று மட்டும் எழுதாமல், குறை நிவர்த்தி அறிக்கையையும் சேர்த்து எழுதுங்கள். இலாபப் பிரிவினையில் நிகர இலாபத் தொகையைப் போட்டுவிடுங்கள். காப்பு நிதி, கூட்டுறவுக் கல்வி நிதி போன்றவற்றுக்குச் சட்டப்படி ஒதுக்க வேண்டியதை ஒதுக்கிய பிறகுதான் பங்கு ஈவும், ஊற்றிய பாலுக்கான ஊக்கத்தொகையும் வரும். முழு இலாபத்தையும் பிரித்துக்கொடுக்கும் அதிகாரம் பேரவைக்கே கிடையாது. இது முன்கூட்டியே தெரிந்தால் கூட்டத்தில் கூச்சல் பாதி குறையும்.

துணை விதித் திருத்தம் இருந்தால் இப்போதுள்ள வாசகம், முன்மொழியும் வாசகம், காரணம் என்று மூன்று பத்திகளாகத் தனித் தாளில் இணையுங்கள். பேரவை ஏற்றுக்கொண்டதும் திருத்தம் நடைமுறைக்கு வந்துவிடாது. பதிவாளரிடம் பதிவான பிறகுதான் வரும். நிர்வாகக் குழுத் தேர்தலை இந்தப் பொருள் நிரலில் சேர்க்காதீர்கள். அதை நடத்துவது தமிழ்நாடு மாநிலக் கூட்டுறவு சங்கங்களின் தேர்தல் ஆணையம். அதற்கு வேறு அறிவிப்பு, வேறு அலுவலர். கடைசியில் வரும் "தலைவர் அனுமதியுடன் இதர பொருள்கள்" என்பது பாராட்டுக்கும் கோரிக்கைக்கும் உள்ள இடம். அந்தச் சந்துக்குள் நிலம் வாங்குவதையோ உறுப்பினர் நீக்கத்தையோ நுழைத்தால் அது நிற்காது.

எழுதி முடித்த அறிவிப்பு

மேலே பேசியதை எல்லாம் சேர்த்தால் நம் கற்பனைச் சங்கத்தின் அறிவிப்பு இப்படி அமையும். கோடிட்ட இடங்களில் உங்கள் விவரங்களை நிரப்பிக்கொள்ளுங்கள்.

______ பால் உற்பத்தியாளர்கள் கூட்டுறவு சங்கம், பதிவு எண் ______, ______ கிராமம், போச்சம்பள்ளி வட்டம், கிருஷ்ணகிரி மாவட்டம்.

ஆண்டுப் பேரவைக் கூட்ட அறிவிப்பு. நாள்: 27.08.2026

இச்சங்கத்தின் 2025-26-ஆம் ஆண்டுக்கான ஆண்டுப் பேரவைக் கூட்டம், நிர்வாகக் குழுவின் ______ நாளிட்ட ______ எண் தீர்மானத்தின்படி, 23.09.2026 புதன்கிழமை காலை 10.30 மணிக்குச் சங்கக் கட்டட வளாகத்தில், சங்கத் தலைவர் தலைமையில் நடைபெறும். உறுப்பினர்கள் அனைவரும் உறுப்பினர் அட்டையுடன் தவறாமல் வருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.

பொருள் நிரல்:
1. சென்ற பேரவைக் கூட்ட நடவடிக்கைகளைப் படித்துப் பதிவு செய்தல்.
2. 2025-26 ஆண்டறிக்கையையும் வரவு செலவுக் கணக்கையும் பரிசீலித்தல்.
3. 2025-26 தணிக்கை அறிக்கையையும் குறை நிவர்த்தி அறிக்கையையும் பரிசீலித்தல்.
4. 2025-26 நிகர இலாபம் ரூ.______-ஐச் சட்டம், துணை விதிகளின்படி பிரிவினை செய்தல்.
5. மில்க் அனலைசர் ஒன்றைச் சங்கப் பொது நிதியிலிருந்து ரூ.95,000-க்கு மிகாமல் வாங்க அனுமதி அளித்தல்.
6. 2027-28 வரவு செலவுத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தல்.
7. தலைவர் அனுமதியுடன் இதர பொருள்கள்.

குறைவெண்: துணை விதி எண் ______-இன்படி 63 உறுப்பினர்கள் நேரில் வந்திருக்க வேண்டும். 11.00 மணி வரை குறைவெண் சேராவிட்டால் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டு, நாள் பின்னர் அறிவிக்கப்படும்.

வாக்குரிமை: ஓர் உறுப்பினருக்கு ஒரு வாக்கு. உறுப்பினர் நேரில் வந்து மட்டுமே வாக்களிக்கலாம். பதிலாள் அனுமதி இல்லை. உறுப்பினரின் கணவர், மனைவி, மகன், மகள், சகோதரர் எவரும் அவருக்காக வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடவோ வாக்களிக்கவோ இயலாது. இணை உறுப்பினர்களுக்கு வாக்குரிமை இல்லை.

கணக்குகளும் தணிக்கை அறிக்கையும் 22.09.2026 வரை பால் எடுக்கும் நேரங்களில் சங்க அலுவலகத்தில் உறுப்பினர்கள் பார்வையிடக் கிடைக்கும்.

நிர்வாகக் குழு உத்தரவுப்படி, செயலாளர் (ஒப்பம், முத்திரை).
நகல்: பால்வளத் துணைப் பதிவாளர், மாவட்டப் பால் உற்பத்தியாளர் ஒன்றியம், சங்க அறிவிப்புப் பலகை.

இதில் வரவு செலவுத் திட்டத்தின் ஆண்டைப் பாருங்கள். 2026 செப்டம்பரில் கூடும் பேரவை நடப்பு ஆண்டின் திட்டத்தை ஏற்கெனவே முடித்திருந்தால் அடுத்த ஆண்டுக்கானது 2027-28. முடிக்காமல் விட்டிருந்தால் 2026-27 என்று மாற்றுங்கள். பழைய தாளில் தேதியை மட்டும் திருத்துகிறவர்கள் தவறாமல் சறுக்கும் வரி இது.

சார்வு செய்தல்

அறிவிப்பை ஒவ்வொருவர் கையிலும் சேர்த்து, சேர்த்ததற்கு ஆதாரம் வைப்பதை அலுவலக வழக்கில் சார்வு செய்தல் என்பார்கள். பால் சங்கத்துக்கு இதில் ஒரு வசதி உண்டு: உறுப்பினர் நாளுக்கு இரண்டு முறை உங்கள் வாசலுக்கே வருகிறார். பால் அளக்கும் மேசை அருகே ஒரு சார்வுப் பதிவேட்டை வைத்து, உறுப்பினர் எண், பெயர், வாங்கிய நாள், கையெழுத்து அல்லது கைரேகை என்று எழுதி வாங்குங்கள். பால் கேனை மருமகள் கொண்டுவந்தால், "இன்னாருக்காக மருமகள் பெற்றார்" என்று எழுதுங்கள். அறிவிப்பை வீட்டார் வாங்குவதை உங்கள் துணை விதி ஏற்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அறிவிப்பை வாங்கலாம், வாக்களிக்க முடியாது என்று அவரிடம் அப்போதே சொல்லிவிடுங்கள்.

சிக்கல் பால் ஊற்றுவதை நிறுத்தியவர்களிடம்தான். மாடு விற்றுவிட்டு ஓசூரில் குடியேறியவர் பதிவேட்டில் இருக்கும் வரை உறுப்பினர்தான். அவருக்குப் பதிவு முகவரிக்குப் பதிவு வசதியுடன் விரைவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பதிவேட்டில் ஒட்டுங்கள். திரும்பி வந்த உறையைப் பிரிக்காமல் கோப்பில் வையுங்கள். வாட்ஸ்அப் குழுவில் போட்டது நினைவூட்டலுக்கு நல்லது. துணை விதி ஏற்காதவரை அதைச் சார்வு என்று சொல்ல முடியாது. தண்டோரா போடும் வழக்கத்தை 2022-இலேயே தமிழ்நாடு அரசு நிறுத்தச் சொல்லிவிட்டது. ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக் கொள்ளலாம். தேன்கனிக்கோட்டைப் பக்கத்துச் சங்கமாக இருந்தால் அந்த ஒலிபெருக்கியில் தெலுங்கிலும் கன்னடத்திலும் ஒரு முறை சொல்லுங்கள். தமிழ்த் தாளைக் கையெழுத்துப் போட்டு வாங்கியவருக்கு அதில் இருப்பது புரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

கூட்டத்தன்று

வாசலில் இரண்டு பேரை உட்கார வையுங்கள். ஒருவர் உறுப்பினர் அட்டையைப் பார்த்து எண்ணைச் சொல்ல, இன்னொருவர் வாக்குரிமைப் பட்டியலில் அதைத் தேடிக் கையெழுத்து வாங்க வேண்டும். உறுப்பினர் அல்லாதவர்களுக்குப் பார்வையாளர் ஏடு ஒன்றைத் தனியாக வையுங்கள். கணவரையும் மகனையும் விரட்ட வேண்டியதில்லை. அந்த ஏட்டில் கையெழுத்து வாங்கிப் பின்வரிசையில் உட்காரச் சொல்லுங்கள். மரியாதை குறையாது, எண்ணிக்கையும் கெடாது.

எவர்சில்வர் பாத்திரமோ இனிப்புப் பொட்டலமோ கொடுப்பதாக இருந்தால் கடைசித் தீர்மானத்துக்குப் பிறகு கொடுங்கள். வாசலிலேயே கொடுத்தால் கையெழுத்துப் போட்டவர் பாத்திரத்தோடு வீட்டுக்குப் போய்விடுவார். வருகைப் பதிவேடு 80 காட்டும், நாற்காலியில் 40 பேர் இருப்பார்கள். இலாபப் பிரிவினைக்கும் இயந்திரத்துக்கும் வாக்கெடுக்கும் முன்னால் தலைகளை ஒரு முறை எண்ணி, "இப்பொருள் எடுத்துக்கொள்ளப்பட்டபோது வாக்குரிமையுள்ள 71 உறுப்பினர்கள் அவையில் இருந்தனர், ஆதரவு 58, எதிர்ப்பு 9, நடுநிலை 4" என்று நடவடிக்கைப் புத்தகத்தில் அன்றே எழுதுங்கள். "ஏகமனதாக" என்ற சொல்லை, உண்மையிலேயே ஒருவரும் எதிர்க்காதபோது மட்டும் பயன்படுத்துங்கள். எதிர்த்துப் பேசியவர் தம் பெயரைப் பதிவு செய்யச் சொன்னால் பதிவு செய்துவிடுங்கள். அதை மறுப்பதால்தான் மனுக்கள் முளைக்கின்றன.

63 சேரவில்லை என்றால் 11 மணிக்குத் தலைவர் ஒத்திவைப்பை அறிவிக்கட்டும். வந்தவர்களின் எண்ணிக்கையோடு அதையும் புத்தகத்தில் எழுதி, தலைவர் கையெழுத்தை வாங்குங்கள். "வந்ததுதான் வந்தோம், பேசி முடித்துவிடுவோம்" என்று யாராவது சொல்வார்கள். பேசலாம், தீர்மானம் போடக் கூடாது.

கூட்டம் முடிந்ததும் ஒரு கோப்பில் ஐந்து தாள்களைச் சேருங்கள்: கூட்டத்தைக் கூட்டிய தீர்மானத்தின் நகல், அறிவிப்பு, சார்வுப் பதிவேட்டின் நகலும் தபால் ரசீதுகளும், வருகைப் பதிவேட்டின் நகல், கையெழுத்தான நடவடிக்கைகள். இதன் ஒரு பிரதி துணைப் பதிவாளர் அலுவலகத்துக்குப் போகட்டும். அங்கே தபால் பிரிவில் முத்திரை போட்டுத் தரும் ஒப்புதலைக் கோப்பின் மேல் தாளாக வையுங்கள். அடுத்த தணிக்கையாளர் முதலில் கேட்பது அதைத்தான்.